அவர் சாப்பிட்டார் என்று நினைத்தேன்

சென்னை,
மார்கழி 4

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் ஐப்பசியில் வந்தது. தாமதம் முழுக்க என்னுடையதுதான். மன்னிப்பு கேட்டால் நீ சிரிப்பாய் என்பதால் கேட்கவில்லை. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகன் சொன்னார். இனி என் கையெழுத்தைக் குறை சொல்ல உனக்குச் சாக்கு இல்லை.

கீழ்வீட்டுத் தம்பதி இருவரும் வேலைக்குப் போவதாகவும், அந்தப் பையனின் தாயாரைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை உன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதாகவும் எழுதியிருந்தாய். நான் இங்கே ஒன்றரை வருடமாக இதைச் செய்கிறேன் என்பதால் சம்மதிக்கலாமா, என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்டாய். அந்த வாரமே பதில் எழுத உட்கார்ந்தேன். "ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, பேச்சுத் துணைதானே, தாராளமாகச் சரி என்று சொல்" என்று பாதிப் பக்கம் எழுதியும் விட்டேன். நல்லவேளை, அதை நான் தபாலில் சேர்க்கவில்லை. கந்த சஷ்டியின் முதல் நாள் நடந்ததைக் கேட்டால் ஏன் என்று உனக்கே தெரியும்.

என்னிடம் வருகிறவர்கள் இரண்டே பேர், இருவரும் எங்கள் பிளாக்கிலேயே இருப்பவர்கள். தையல்நாயகி அம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மற்றவர் இரண்டாம் மாடி நடேசன் சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 81. மகனும் மருமகளும் கம்பெனி வேனுக்கு எட்டேகாலுக்கு இறங்கும்போது அவரை லிஃப்டில் அழைத்து வந்து என் வாசலில் விட்டுப் போவார்கள். கையில் டிபன் டப்பா, தோளில் ஒரு துணிப்பை. பையில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், மதிய மாத்திரை, மூக்குக்கண்ணாடி. வந்தவுடன் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். எழுத்துப் பிழை கண்டால் அன்றைய பொழுது முழுவதும் அதே பேச்சு.

அன்று பதினோரு மணிக்குப் படிப்பது நின்றுவிட்டது. நான் அடுக்களையில் இருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது தாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், தூக்கமா?" என்றேன். "சிக்னல் விழவில்லை, நான் எப்படிப் பச்சைக்கொடி காட்டுவது?" என்று எரிந்து விழுந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய நினைவில் விளையாடுகிறார் என்று எண்ணி, சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் உறங்கட்டும் என்று முடிவும் செய்துவிட்டேன். கோமதி, அந்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நாற்காலியில் சாய்ப்பதற்காக முதுகில் கை வைத்தபோதுதான் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது தெரிந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மழை மூட்டம். அந்த வியர்வைக்குக் காரணமே இல்லை.

கைகால் நடுங்கவில்லை. சர்க்கரை இறங்கினால் நடுங்கும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன், அதனால் தயங்கினேன். அவர் சாப்பிடும் ஒரு வகை ரத்த அழுத்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது என்று மருத்துவர் பிறகு சொன்னார். ஏதோ ஒரு புத்தியில் பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 52 என்றது. 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும்.

பிஸ்கட் பாக்கெட்டைத்தான் முதலில் கையில் எடுத்தேன். பிஸ்கட் மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும், அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது தொண்டையில் சிக்கவும் கூடும் என்று, தன் கணவருக்குச் செய்து பழகிய தையல்நாயகி அம்மாதான் என்னைத் தடுத்தார். மறதிக்காக என்னிடம் விடப்பட்டவர் அவர்! அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்தோம். ஒரு வாய் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்து, அடுத்த வாய் கொடுத்தோம். விழுங்க முடியாத நிலையிலோ நினைவு இல்லாமலோ இருந்திருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐத்தான் அழைத்திருக்க வேண்டும்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். 148! அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஆனால் மனிதரின் முகத்தில் தெளிவு இல்லை. அவர் கையைப் பிடித்தபோது விரல் பிசுபிசுத்தது; டம்ளரில் வழிந்த சர்க்கரைத் தண்ணீர் விரல் நுனியில் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, வேறு விரலில் குத்தியபோது 63. நான் சற்று முன் அளந்தது அவர் ரத்தத்தை அல்ல, என் டம்ளரை. மறுபடியும் மூன்று டீஸ்பூன், மறுபடியும் கால் மணி நேரம். 91 வந்தபோது அவரே, "ஏனம்மா இப்படி ஊசியால் குத்துகிறாய்?" என்று கேட்டார். அந்தக் கோபத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், மனிதர் யாரிடமும் சொல்லாமல் சஷ்டி விரதம் தொடங்கியிருக்கிறார். காலை உணவுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைப் பழக்கத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டார். நேரமாகிவிட்டதால் இட்லியை டப்பாவில் போட்டு, என் வீட்டில் சாப்பிடுவார் என்று மருமகள் அனுப்பியிருக்கிறாள். வழக்கமாக அந்த டப்பாவில் மதியச் சாப்பாடுதான் இருக்கும் என்பதால் காலை உணவு வீட்டிலேயே முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரோ கீழே போய் வருகிறேன் என்று சொல்லி, இட்லியை வாட்ச்மேனிடம் கொடுத்து விட்டு வந்திருக்கிறார். மருமகள் மேல் குற்றம் இல்லை, என் மேலும் முழுக் குற்றம் இல்லை. காலை எட்டேகாலுக்கு லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு பேசிய இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் விட்டுப் போயிற்று.

மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தயிர்சாதம் கொடுத்து உட்கார வைத்தேன். "சரியாகிவிட்டதே ஆன்ட்டி, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் விடுதிக் கால ராஜம் வெளியே வந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அவன் வந்து நின்றான். வந்தது நல்லதாயிற்று. அவர் போட்டிருந்த சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால், அந்த மருந்து உடம்பில் தங்கிச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் சர்க்கரையை இறக்கும் என்று சொல்லி, ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். விடியற்காலையில் உண்மையாகவே இன்னொரு முறை இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். இப்போது அந்த மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.

ஒரு வாரம் நான் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் படிப்பு இல்லாத நான் எந்தத் தைரியத்தில் இன்னொருவர் தகப்பனைப் பொறுப்பேற்றேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் நாள் அவரே செய்தித்தாளோடு வந்து வாசலில் நின்றார். அதில் மூன்று பிழை இருந்ததாம்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. காலையில் ஒப்படைக்கிறவர் என் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, அதில் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு சாப்பிட்டார்; எந்த மாத்திரை போட்டாயிற்று, எது பாக்கி; இரவு தூங்கினாரா; இன்று விரதம் உண்டா. "சாப்பிட்டார்" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், "இரண்டு இட்லி, 7:40" என்று இருக்க வேண்டும். சாயங்காலம் நான் எழுதுகிறேன், அவர்கள் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். முதலில் மருமகள் முகம் சுளித்தாள், பரீட்சை போல இருக்கிறதாம். இப்போது அவளே மருத்துவரிடம் அந்த நோட்டை எடுத்துப் போகிறாள். மாத்திரையை நான் பட்டையிலிருந்து உரித்துக் கொடுப்பதில்லை. வேளைக்கு ஓர் அறை உள்ள டப்பாவில் அவர்கள் போட்டு அனுப்ப வேண்டும், அவர் எடுத்துப் போடுவதை நான் பார்க்கிறேன். இன்சுலின் ஊசிக்காரர் யாராவது வந்தால் என்னால் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டாயே. மாதம் ஆறாயிரம் வாங்குகிறேன், சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்து வரும். தொகையைச் சொல்வது கஷ்டம் இல்லை, கோமதி, நேரத்தைச் சொல்வதுதான் கஷ்டம். ஆறு மணி என்பது ஆறரை ஆகி, ஏழேகால் ஆகும். அடுத்த வீட்டுக்காரர்கள், தினமும் கோலம் போடும்போது முகம் பார்க்க வேண்டியவர்கள். கேட்டால் அற்பம், கேட்காவிட்டால் ஏமாளி. தாமதம் தையல்நாயகி அம்மாவையும் பாதிக்கிறது. பொழுது சாயும்போது அவருக்குப் பதற்றம் வரும். "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். இதுதானே வீடு, மேலேதானே உங்கள் வீடு என்று ஆரம்பத்தில் நான் வாதாடினேன், அது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுதான். இப்போது ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, காப்பியைக் கொடுத்து, "உங்கள் வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?" என்று கேட்கிறேன். சொல்லத் தொடங்கிவிட்டால் ஆறு மணி வரை தாங்கும். ஏழேகால் வரை தாங்காது. அதனால் ஆறரைக்கு மேல் அரை மணிக்கு நூறு ரூபாய் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் நூறு ரூபாய் வந்தது.

ஆகவே, கீழ்வீட்டு அம்மாளுக்குச் சரி என்று சொல்வதற்கு முன், அவர் போடும் மாத்திரைச் சீட்டை வாங்கி அதில் இருக்கும் பெயர்களை அப்படியே எனக்கு எழுது. எங்கள் மருத்துவரிடம் காட்டி, நீ எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் அரைநாள் மட்டும் வைத்துப் பார். உன் குளியலறையின் உள்தாழ்ப்பாளை இன்றே கழற்றிவிடு. உள்ளே விழுந்தவரைக் கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், உன் கதவுகள் தேக்கு என்று நீதானே பீற்றிக்கொள்வாய்.

மணி எட்டு பத்து. லிஃப்ட் சத்தம் கேட்கிறது, நோட்டை எடுத்து வைக்க வேண்டும். சீட்டை மறக்காதே.

அன்புடன்,
ராஜம்