அதிகாரம் இருந்தும் கையெழுத்திடாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அதிகாரம் கையில் இருந்தும் கோப்பை மேலே தள்ளிவிடும் அலுவலர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெற்றும் அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நானும் ஒரு காலத்தில் துணிந்தவன்தான்.

எங்கள் அலுவலகக் குளிர்பதன அறையில் ஒரு கம்ப்ரசர் பழுதானது. பழுதுபார்ப்புச் செலவு, நானே ஒப்புதல் தரக்கூடிய ஒப்பளிப்பு வரம்பில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குத் தலைப்பில் பணமும் இருந்தது. விலைப்புள்ளிகள் வாங்கி, அன்றே கையெழுத்திட்டேன். இரண்டு மாதம் கழித்து பக்கத்துக் கம்ப்ரசரும் நின்றது. அதற்கும் ஏறக்குறைய அதே தொகை. அதற்கும் ஒப்புதல் கொடுத்தேன்.

தணிக்கைக் குழு இரண்டு பட்டியல்களையும் கூட்டிப் பார்த்தது. மொத்தம் என் வரம்பைத் தாண்டியிருந்தது. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகச் செலவைப் பிரித்திருக்கிறேன் என்று தணிக்கைத் தடை எழுதினார்கள். வேண்டுமென்றே பிரிப்பது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது இயந்திரம் நிற்கப்போவது முதல் கோப்பில் கையெழுத்திட்டபோது எனக்கு எப்படித் தெரியும்? வரம்பு ஒவ்வொரு பழுதுக்குமா, ஆண்டு முழுமைக்குமா என்று அதிகாரப் பகிர்வு ஆணையில் ஒரு சொல்கூட இல்லை. தடை நீங்க பதினான்கு மாதங்கள் ஆயின. அதுவரை என் பதவி உயர்வும் நின்றது. அந்த ஆணையை எழுதியவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மூன்றாவது பழுது வந்தபோது, என் வரம்புக்குள் அடங்கிய செலவாக இருந்தும் கோப்பை மேலே அனுப்பினேன். 'தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது, தாங்களே முடிவெடுக்கவும்' என்ற குறிப்புடன் அது 43 நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் அறையில் இருந்ததெல்லாம் கெட்டுவிட்டது. கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டவர்கள், கையெழுத்திடாததால் நேர்ந்த இந்த இழப்புக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அலுவலர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் இதுதான் ஐயா. இதையா துணிச்சல் இல்லை என்கிறீர்கள்?

நிர்வாக அதிகாரத்திலும் இதே கதைதான். தற்காலிகப் பணியாளரை நியமிக்க எனக்கு அதிகாரம் தந்தார்கள். ஊதியம் வழங்க வேண்டிய கணக்குத் தலைப்போ தலைமை அலுவலகத்தில் இருந்தது. நான் நியமித்தவர் மூன்று மாதம் ஊதியம் இல்லாமல் வேலை பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. வரம்புத் தொகையும், நான் பணியில் சேர்ந்தபோது இருந்ததுதான் ஓய்வு பெறும்போதும். விலைகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

துறைகளின் உள்விவகாரங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அப்படி எழுதியதுதான் வலிக்கிறது. அதிகாரப் பகிர்வு ஆணைகளில் ஒவ்வொரு வரம்புக்கும் எதிரே 'ஒரு நேர்வுக்கு' அல்லது 'ஓர் ஆண்டுக்கு' என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதை மட்டுமாவது உங்கள் இதழில் வலியுறுத்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்