"மாற்ற முடியாது, ரிவர்ஸ் செய்யவும்": இஆர்பி உதவிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உதவிக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். எஸ்ஏபி கணக்கு மென்பொருளுக்குப் புதியவர்களுக்கென்று நீங்கள் போட்டிருக்கும் கேள்வி-பதில் கையேட்டைப் பற்றி எழுதுகிறேன். கையேடு முழுவதையும் பற்றி அல்ல, போஸ்ட் செய்த டாக்குமெண்ட் பற்றிய பகுதியை மட்டும். அதில் இருப்பதே இவ்வளவுதான்:

கேள்வி: போஸ்ட் செய்த டாக்குமெண்டை மாற்றலாமா? பதில்: முடியாது.
கேள்வி: தவறாகப் போஸ்ட் ஆகிவிட்டால்? பதில்: FB08-இல் ரிவர்ஸ் செய்யவும்.

இந்த இரண்டு பதில்களால் காய்கறிக் கடை அண்ணாச்சிக்கு நம் நிறுவனம் 63,000 ரூபாய் அதிகமாகக் கொடுத்தது. டிக்கெட் உங்களிடம் இருக்கிறது, அதனால் பின்னணியை நீட்டவில்லை. ஆனால் டிக்கெட்டை மூடும்போது "பயனர் பிழை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பெண், அக்டோபர் கடைசியில் கேன்டீன் காய்கறி பில்லை FB60-இல் ஏற்றினார். பில் 18,450 ரூபாய். அடித்தது 81,450. முதல் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. கணக்கு எழுதுகிற யாருக்கும் நேர்வதுதான். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அவரே அடுத்த திங்கட்கிழமை பில் கட்டைச் சரிபார்க்கும்போது அப்படித்தான் கண்டுபிடித்தார். யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு உங்கள் கையேட்டைத் திறந்தார்.

மாற்ற முடியாது என்று இருந்தது. சரி, எதிர்ப்பதிவு போடும் FB08. ரிவர்சல் காரணம் கேட்டது. பட்டியலில் முதலில் இருந்த 01-ஐத் தேர்ந்தெடுத்தார். வந்த பதில் இது:

```
Posting period 007 2025 is not open
```

நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் 007 என்பது அக்டோபர். அக்டோபரை நாங்கள் மூடிவிட்டோம். 01 என்ற காரணத்தோடு ரிவர்ஸ் செய்தால் பழைய டாக்குமெண்டின் தேதியிலேயே பதிவு விழப் பார்க்கும், மூடிய மாதத்துக்குள் போக முடியாமல் நிற்கும். 02-ஐத் தேர்ந்தெடுத்து நவம்பர் தேதியைக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே வேலை முடிந்திருக்கும். இது தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவருக்குக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. 007 என்றால் எந்த மாதம் என்றுகூட இல்லை.

டிக்கெட் போட்டார். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை உங்களிடமிருந்து வந்த பதில்: "கையேட்டைப் பார்க்கவும்." வியாழக்கிழமை வழக்கம்போல பேமெண்ட் ரன்னான F110 ஓடியது, அண்ணாச்சியின் வங்கிக் கணக்குக்கு 81,450 ரூபாய் போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. "முடியாது" என்ற உங்கள் ஒற்றைச் சொல் பதில் முழு உண்மையும் அல்ல. போஸ்ட் செய்த டாக்குமெண்டில் தொகை, கணக்கு, பதிவுத் தேதி ஆகியவற்றை மாற்ற முடியாது. ஆனால் FB02-இல் திறந்தால் விவரக் குறிப்பை மாற்றலாம், அசைன்மெண்ட்டை மாற்றலாம், பணம் கொடுக்கும் கெடுவை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பேமெண்ட் பிளாக் போடலாம். வென்டார் வரியில் அந்தக் கட்டத்தில் `A` என்று ஓர் எழுத்தை அடித்துச் சேமித்தால் போதும், பேமெண்ட் ரன் அந்த பில்லைத் தொடாது. எந்தெந்த பில்லுக்குப் பணம் போகும் என்று பட்டியலிடும் ப்ரொபோசல் ஓடுவதற்கு முன் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் இருந்தது. "முடியாது" என்று நீங்கள் எழுதியதை நம்பி FB02 பக்கமே போகவில்லை. கையேட்டை மதித்ததற்குப் பெயர்தான் பயனர் பிழை போலிருக்கிறது.

ஏன் மாற்ற முடியாது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. காரணம் தெரியாத விதியை எந்தப் புது ஆளும் மென்பொருளின் குறும்பு என்றுதான் நினைப்பார். பார்க் செய்த டாக்குமெண்ட் வேறு, போஸ்ட் செய்தது வேறு. FV60-இல் பார்க் செய்து வைத்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம், ஏனென்றால் அது இன்னும் எந்தக் கணக்கையும் தொடவில்லை. போஸ்ட் என்று அழுத்திய நொடியில் செலவுக் கணக்கு, வென்டார் கணக்கு, காஸ்ட் சென்டர் மூன்றிலும் தொகை ஏறிவிடுகிறது. அதை வைத்து யாரோ அறிக்கை எடுத்திருக்கலாம், வரி கட்டியிருக்கலாம். அப்புறம் மூலத்தில் ஓசையில்லாமல் எண்ணை மாற்றினால் நேற்று எடுத்த அறிக்கையும் இன்று எடுத்ததும் ஒத்துப்போகாது, ஏன் என்று கேட்டால் சொல்லவும் ஆதாரம் இருக்காது. கைப் பேரேட்டுக் காலத்திலும் கணக்குப்பிள்ளை பிளேடால் சுரண்டி எழுதினால் வேலை போகும். எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த வேண்டும். இப்போது சட்டமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை யாரும் அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. FB02-இல் நாம் செய்யும் சின்ன மாற்றம்கூட யார் எப்போது செய்தது என்று பதிவாகிறது. இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். பயிற்சிக்கு வருகிறவர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்கள் குழந்தைகள் அல்ல.

அதனால் கேட்கிறேன்: அந்தப் பகுதியைத் திருப்பி எழுதுங்கள்.

வியாழனுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது குழி அங்கே இருந்தது. பணம் போனதும் பில்லும் பேமெண்ட்டும் ஒன்றுக்கொன்று நேராகி கிளியர் ஆகிவிட்டன. இப்போது FB08 சரியான காரணத்தோடு, சரியான தேதியோடு கொடுத்தாலும் ஏற்காது. முதலில் FBRA-வில் கிளியரிங்கைப் பிரிக்க வேண்டும். அங்கே திரை இரண்டு வழி காட்டும்: `Only resetting`, `Resetting and reverse`. "ரிவர்ஸ் செய்யவும்" என்று மட்டும் படித்து வந்த ஆள் எதை அழுத்துவார்? இரண்டாவதைத்தான். அழுத்தினால் ரிவர்ஸ் ஆவது காய்கறி பில் அல்ல, கிளியர் செய்த டாக்குமெண்ட், அதாவது பேமெண்ட். வங்கியிலிருந்து உண்மையிலேயே போன பணம் நம் புத்தகத்தில் போகாததுபோல் ஆகிவிடும். மாதக் கடைசியில் வங்கிப் பட்டியலோடு ஒப்பிடும்போது 81,450 ரூபாய் இடிக்கும்.

நல்லவேளையாகப் பக்கத்து நாற்காலிக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவரே உட்கார்ந்து செய்து காட்டிய வரிசை இது. `Only resetting` கொடுத்துப் பிரித்தார். பில்லும் பேமெண்ட்டும் தனித்தனியாகத் திறந்துகொண்டன. பில்லை FB08-இல், காரணம் 02, நவம்பர் தேதியில் ரிவர்ஸ் செய்தார். பழைய பில்லும் அதன் ரிவர்சலும் தமக்குள் கிளியர் ஆகின. சரியான 18,450-க்குப் புதிய பில் போட்டு, அதை பேமெண்ட்டோடு F-44-இல் ஒட்டினார். மீதி 63,000 அண்ணாச்சி பெயரில் நமக்கு வரவேண்டியதாக நின்றது. வென்டார் கணக்கின் வரிகளைக் காட்டும் FBL1N-இல் பார்த்தால் அந்த ஒரு வரிதான் பாக்கி. அப்படி இருந்தால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு போன் போட்டோம். "அதுக்கென்ன, வர்ற பில்லுல கழிச்சுக்கிடுங்க" என்றார். வாரத்துக்கு ஏறக்குறைய அதே தொகை என்பதால் மூன்று பில் முழுசாகவும் நான்காவதில் கொஞ்சமும் கழியும். அவர் பெருந்தன்மை காட்டினார், நம் உதவிக் குழு டிக்கெட்டை மூடியது.

இது பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாத பில். ஆர்டரை வைத்து MIRO-வில் போட்ட பில்லாக இருந்தால் FB08 வேலைக்கே ஆகாது. MR8M போக வேண்டும், அதிலும் கணக்கு டாக்குமெண்ட் எண்ணை அல்ல, MIRO கொடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் அதுவே `Please manually clear FI documents` என்று சொல்லும். மெனக்கெட்டு அதைப் படித்து F-44 செய்கிறவர்கள் நம் பிரிவில் எத்தனை பேர் என்று வயது வாரியான நிலுவை அறிக்கையைப் பார்த்தாலே தெரியும். எந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததோ அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பதைக் கையேட்டின் முதல் கேள்வியாகவே வைக்கலாம்: "இந்த டாக்குமெண்ட் எதில் உருவானது?" விற்பனை பில்லுக்கு VF11. அதற்கு இ-இன்வாய்ஸ் எண் வாங்கியிருந்தால், அரசு போர்ட்டலில் அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதைத் தாண்டினால் அங்கே ரத்து செய்ய முடியாது, பெரும்பாலும் கிரெடிட் நோட்தான் போட வேண்டியிருக்கும். உங்கள் டிக்கெட்டுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட்டால் பயிற்சி வீடியோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நம் லோகோ சுழன்று சுழன்று வரும் முன்னுரை, டிஜிட்டல் பயணம் பற்றிய உரை, கடைசியில் பத்துக் கேள்விக்கு ஒரு வினாடி வினா, பாஸ் செய்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் அந்தப் பெண்ணிடமும் இருக்கிறது. FBRA என்ற சொல் வீடியோவில் வரவே இல்லை.

சரி, சண்டை போடுவதற்காக எழுதவில்லை. உங்கள் குழுவில் ஆள் குறைவு, மூன்று ஆலைக்கும் நீங்கள்தான் என்பது எங்களுக்கும் தெரியும். கேட்பது இதுதான். கையேட்டில் அந்தப் பகுதியைத் திருப்பி எழுதித் தாருங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே போட்டு, கீழே என்ன செய்வது என்று எழுதுங்கள்; தேடுகிறவர் அந்தச் செய்தியைத்தான் தேடுவார். பிரித்துக் காட்ட வேண்டியவை: பணம் போவதற்கு முன், பணம் போன பிறகு, மாதம் மூடிய பிறகு. வரைவு எழுத எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் உங்களோடு உட்காரத் தயார்.

முழுசாக எழுத நாளாகும் என்றால், வரும் வியாழக்கிழமை பேமெண்ட் ரன்னுக்கு முன் ஒரே ஒரு வரியை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். "முடியாது" என்பதை எடுத்துவிட்டு, "தொகையை மாற்ற முடியாது, முதலில் FB02-இல் பேமெண்ட் பிளாக் போடவும், பிறகு ரிவர்ஸ் செய்யவும்" என்று போடுங்கள். அப்படியே அந்த டிக்கெட்டில் உள்ள "பயனர் பிழை" என்ற குறிப்பையும் தயவுசெய்து திருத்துங்கள். அதை மாற்ற எந்த விதியும் தடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நன்றியுடன்,
வென்டார் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர்