பென்சில் கோட்டில் ஓடும் மின்சாரம்

காட்பாடி

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. குடியாத்தத்திலும் இதே வெயில்தானா? இங்கே கத்திரி முடிந்தும் வீட்டுச் சுவர் ராத்திரி பத்து மணி வரை அனல் கக்குகிறது.

பிள்ளைகளுக்கு நீ எழுதிய குறிப்பில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. "கிராஃபைட்டில் பிணைப்புகள் வலுவற்றவை, அதனால் அது மென்மை" என்று எழுதியிருக்கிறாய். வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு பேரைப் பிடித்திருக்கிறது. அணுக்களுக்கு நடுவே 0.154 நானோமீட்டர். கிராஃபைட்டும் அதே கார்பன்தான், ஆனால் ஒரே தளத்தில் மூன்று பேர், இடைவெளி 0.142. அதாவது, அடுக்குக்குள் உள்ள பிடி வைரத்தைவிட இறுக்கம். தளர்ச்சி முழுவதும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே உள்ள 0.335 நானோமீட்டரில்தான். பென்சிலைக் காகிதத்தில் தேய்க்கும்போது அதன் கிராஃபைட் அடுக்குகள் கட்டுக்கட்டாக நழுவி ஒட்டிக்கொள்கின்றன. வைரத்தில் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிணைப்பு குறுக்கே நிற்கும், அதனால் எளிதில் கீறல் விழாது. ஆனால் சுத்தியலால் அடித்தால் உடையும். கடினம் வேறு, உடையாமை வேறு. இதையும் சேர்த்துச் சொல்.

மின்சாரத்துக்கும் அதே கணக்குதான். வைரத்தில் நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் மாட்டிக்கொண்டன. கிராஃபைட்டில் மூன்றுதான் செலவு. நான்காவது அந்த அடுக்கு முழுவதும் பரவி நிற்கிறது, மின்சாரத்தைக் கடத்துவது அதுதான்.

இதை வகுப்பிலேயே அளந்து காட்டலாம். 6B பென்சிலால் 10 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு, மினுமினுப்பு வரும்வரை இருபது தடவை அழுத்தித் தேய். மல்ட்டிமீட்டரை 200 கிலோ ஓமில் வைத்து இரண்டு முனைகளிலும் தொடு. பிறகு மீட்டரின் ஒரு கூர்முனையைப் பட்டையின் நடுவுக்கு நகர்த்தினால் எண் ஏறக்குறைய பாதியாகும். பாதியாகாவிட்டால் பட்டை ஒரே சீராக இல்லை. திரையில் இடப்பக்கம் வெறும் 1 நின்றால் எங்கோ இடைவெளி, அல்லது மீட்டரின் கூர்முனை பட்டையைச் சுரண்டிவிட்டது. முனைக்கு அடியில் பேப்பர் கிளிப்பைத் தட்டையாக வைத்து அழுத்து. HB பென்சிலில் களிமண் அதிகம், மின்தடை எகிறும். ஒன்று கவனி: இந்த எண் கிராஃபைட்டின் சொந்தத் தடை அல்ல. ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்குத் தாவும் இடத்தில்தான் பெரும்பகுதி தடை.

யாராவது ஒரு பிள்ளை ஃபுல்லரீனைப் பற்றிக் கேட்கும். அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த, 1985இல் கண்டுபிடித்த அந்த C₆₀ பந்திலும் ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று பேர்தான், நான்காவது எலக்ட்ரான் மிச்சம்தான். ஆனாலும் அந்தத் தூளில் மின்சாரம் சரியாக ஓடாது. எலக்ட்ரான் தன் பந்துக்குள் சுற்றலாம். பக்கத்துப் பந்துக்குப் போகப் பாலம் இல்லை. "மிச்ச எலக்ட்ரான் இருந்தால் கடத்தும்" என்று நீ எழுதியிருக்கும் அடுத்த வரியும் அதனால் அரைகுறைதான், கோபித்துக்கொள்ளாதே.

6B, HB இரண்டிலும் என்ன எண் வந்தது என்று எழுது.

அன்புடன்,
முருகன்