வாணலி தானே விடும்வரை

மயூர் விஹார், டெல்லி
டிசம்பர் 14

அன்புள்ள ராமு,

உன் கடிதம் நேற்று வந்தது. தங்கை மங்களத்தின் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது, அடுத்த வாரம் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனம் நிம்மதியானது. இந்த ஒரு மாதமாகச் சமையல் முழுவதும் உன் கையில்தான் என்பதை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. ரசமும் கூட்டும் வந்துவிட்டன, உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் பாதி சட்டியில் ஒட்டிக்கொள்கிறது, மீதி களியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உடனே கரோல் பாக் மொட்டைமாடி அறைதான் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மெல்லிய அலுமினியச் சட்டியை வைத்து, பச்சைக் கிழங்கை நறுக்கிப் போட்டு, அடிபிடிக்குமோ என்ற பயத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை கிண்டிக்கொண்டே இருப்போமே! அந்தக் கிண்டல்தான் நம்மைக் கெடுத்தது. அது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

நறுக்கிய கிழங்கின் முகத்தில் மாவும் தண்ணீரும் கலந்து நிற்கின்றன. சூடு பட்டதும் அந்த மாவு கஞ்சிப் பசையாகிச் சட்டியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கரண்டியை விட்டால் துண்டு உடையும், உடைந்த இடத்திலிருந்து இன்னும் மாவு வெளியே வரும், அதுவும் ஒட்டும். தொடாமல் விட்டால் அடிப்பக்கத்து ஈரம் வற்றி, பசை காய்ந்து, பொன்னிறமாக ஒரு மொறுமொறுப்பான தோல் உருவாகும். தோல் வந்துவிட்டால் கிழங்கு தானாகவே சட்டியை விட்டுவிடும். ஒட்டுவதும் குழைவதும் இரண்டு தனித்தனிக் குறைகள் என்று நீ நினைக்கிறாய். இரண்டுக்கும் காரணம் இந்த ஈர மாவுதான்.

நேற்று மாலை உனக்காகவே கவனித்துச் செய்தேன். அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, கால் அங்குல கனத்தில் வட்டமாக நறுக்கினேன். அதைவிட மெல்லியதாக இருந்தால் திருப்பும்போது கிழிகிறது. கனமாக இருந்தால் வெளியே சிவந்தும் உள்ளே வேகாமல் நிற்கிறது. நறுக்கியதைத் தண்ணீரில் போட்டு அலசினால் முதல் தண்ணீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டும்போது பாத்திரத்தின் அடியில் பார், வெள்ளையாக மாவு படிந்திருக்கும். சட்டியில் ஒட்டிக்கொண்டது அதுதான். மூன்றாவது முறை தண்ணீர் தெளிந்தது. பிறகு துண்டுகளைப் பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தேன். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். கிழங்கு வறுபடாது, வேகும்.

பழைய இரும்பு வாணலியைக் காயவைத்து, மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை பொறுத்தேன். ஒரு துண்டின் ஓரத்தை நனைத்துப் பார்த்தால் உடனே சுற்றிலும் நுரைத்துச் சடசடக்க வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். என் வாணலியில் அரைக் கிலோ ஒரே அடுக்காகப் பரவாது. அதனால் பாதியை மட்டும் போட்டேன். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கீழ்த் துண்டின் ஆவி மேல் துண்டை அவித்துவிடும். மூடி போடவே போடாதே. மூடியில் வியர்த்த நீர் திரும்பச் சொட்டும், களி அங்கேதான் தொடங்குகிறது.

மிதமான தீயில் நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் ஈரச் சத்தம் பெரிதாக இருக்கும், பிறகு மெல்ல அடங்கும். அப்போது வாணலியை இலேசாக ஆட்டிப் பார். துண்டுகள் நழுவினால் தோசைத் திருப்பியை அடியில் செலுத்தித் திருப்பலாம். பிடித்துக்கொண்டால் வற்புறுத்தாமல் இன்னும் ஒரு நிமிடம் விடு. மறுபக்கமும் சிவந்தபின் தீயைக் குறைத்து, நடுவில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கும்வரை வைத்தேன். ஒரு பாதிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இரண்டாம் பாதிக்கு இன்னும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டியிருந்தது.

உப்பை முதலிலேயே போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அது கிழங்கிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். எல்லாம் சிவந்தபின், இரண்டு பாதியையும் சேர்த்து, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த் தூள், சிறிது மஞ்சள் தூவி, சிறு தீயில் ஒரு நிமிடம் பச்சை வாசனை போகப் புரட்டினால் போதும். கடுகும் உளுந்தும் பெருங்காயமும் தனியாகத் தாளித்துக் கொட்டு. ஆரம்பத்திலேயே தாளித்தால் உளுந்து கருகி, கசப்புக் கிழங்கில் ஏறிவிடும்.

ஒருநாள் மட்டும் இரண்டே நிமிடத்தில் கறுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தது, தின்றால் தித்தித்தது என்று எழுதியிருக்கிறாயே, அதில் உன் கைக்குற்றம் எதுவும் இல்லை. அந்தக் கிழங்கு ஃப்ரிட்ஜில் இருந்ததா என்று மங்களத்திடம் கேள். கடுங்குளிரில் கிடந்தால் கிழங்கின் மாவில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது, சர்க்கரை வேகமாகச் சிவந்து கருகும். இங்கே எங்களுக்கு அது வருடந்தோறும் வரும் தொல்லை. வட இந்தியச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிய கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துத்தான் மழைக்காலம் முழுவதும் விற்கிறார்கள். அக்டோபரில் வாங்குவது பெரும்பாலும் அப்படி வந்த பழைய கிழங்கு. அதைச் சமையலறையில் ஒன்றிரண்டு வாரம் இருட்டான, காற்றோட்டமான கூடையில் வைத்திருந்தால் சர்க்கரை ஓரளவு குறையும், முழுவதும் குறையாது. அவசரத்துக்கு வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, தீயைக் குறைத்து வறுப்பேன். இப்போது வண்டிக்காரர் “நயா ஆலு” என்று கூவிக்கொண்டு வருகிறார். கட்டை விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கு. அதில் ஈரம் மிகுதி, சிவக்க நேரமாகும், ஆனால் உடையாது. வறுவலுக்கு எனக்கு இந்த இரண்டு மாதங்களில் வரும் கிழங்குதான் பிடிக்கும். உங்கள் ஊருக்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ஊட்டிக் கிழங்கு வருமே, மண் ஒட்டியபடி கிடைத்தால் அதையே வாங்கு.

இங்கே காலையில் பனிமூட்டம், எதிர் வீடு தெரிவதில்லை. பேத்தி மழலையர் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசவேண்டும் என்று மகன் உறுதியாக இருக்கிறான். பொங்கலுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் மதுரை வருகிறோம், டிக்கெட் உறுதியாகிவிட்டது. நீ மெல்லிய சட்டியோடு போராடவேண்டாம். என்னிடம் இரண்டு இரும்பு வாணலி இருக்கின்றன, எண்ணெய் குடித்துப் பழகிய ஒன்றை உனக்காகக் கொண்டுவருகிறேன். அதற்கு சோப்பு மட்டும் போடாதே. வெந்நீரில் கழுவி, துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வை.

மங்களத்துக்கு என் அன்பு.

உன்
சுந்தரம்