எச்சில் கையும் சுறாமீனும்

ஷெப்பர்ட்டன், விக்டோரியா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தை முடிவதற்குள் பேரிக்காய் பறிப்பு தொடங்கிவிடும். நீ வந்ததும் பேக்கிங் ஷெட்டில்தான் வேலை இருக்கும். பெட்டி தூக்குவதை ஒரே நாளில் பழகிவிடலாம். இவர்கள் கேலி பேசுவது பிடிபடத்தான் நாளாகும், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊரில் "எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டான்" என்கிறோமே, அதற்கு இங்கே ஒரு சொலவடை உண்டு: "சுறா கடிச்சாலும் ஷவுட் பண்ணமாட்டான்." ஷவுட் என்றால் கத்துவது. கூட இருக்கிற எல்லோருக்கும் தன் காசில் ஒரு சுற்றுப் பானம் வாங்குவதற்கும் இங்கே அதே சொல்தான். நான்கு பேர் மதுக்கடையில் உட்கார்ந்தால் நான்கு சுற்று, ஆளுக்கு ஒன்று. உன் முறை வரும்போது நீ பேச்சில் மெய்மறந்து இருந்தால் யாராவது இதைச் சொல்வார்கள். நீ இருக்கும்போதே, மேசையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால் அது நினைவூட்டல்தான், எழுந்து போய் வாங்கி வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. நீ குடிக்காதவன் என்பது பிரச்சினையே இல்லை. உனக்கு லெமனேட் வாங்கிக்கொள், ஆனால் உன் சுற்றை விட்டுவிடாதே. இதையே நீ கிளம்பிப்போன பிறகு சொன்னால் அது கேலியில்லை, தீர்ப்பு.

சோம்பேறிக்கு நாம் "நோகாம நொங்கு திங்கிறவன்" என்போம். இங்கே "ஐயன் லங்குக்குள்ள வச்சாலும் வேலை செய்யமாட்டான்." இளம்பிள்ளை வாதம் வந்து மூச்சுவிட முடியாதவர்களைப் படுக்க வைத்த இரும்புக்கூண்டுதான் ஐயன் லங். மூச்சுவிடும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கூடையை நிரப்பி நிமிர்கிறவனைப் பார்த்து இதைச் சொன்னால் பாராட்டு. உண்மையிலேயே ஓரமாக நிற்கிறவனிடம் சொன்னால் குத்தல். செந்நிறத் தலைமுடிக்காரனை "புளூயி", அதாவது நீலக்காரன், என்று கூப்பிடுவதும் இப்படித் தலைகீழாகச் சொல்வதுதான். உண்மைக்கு எதிராகச் சொன்னால் சிரிப்பு வரும், உள்ளதைச் சொன்னால்தான் சுடும்.

நம் ஆட்கள் ஏமாறுவது குரலில். நம் ஊர்க் கேலி இழுக்கும். "அட எருமே..." என்று கடைசி எழுத்து நீண்டால் செல்லம், "எருமை" என்று நறுக்கினால் வசவு. மச்சானை வாரும்போது திடீரென்று மரியாதை ஏறி, "காக்கா ஓட்டாதவரு பந்தி வைக்கிறாராம்" என்று படர்க்கைக்குப் போகும். ஆச்சி "கட்டையில போறவனே" என்றால் அடுத்த வாக்கியம் "சாப்பிட்டியாடா" என்று வரும். மண்ணை வாரித் தூற்றினால்தான் சாபம். அதோடு நமக்கு முறை என்று ஒரு வேலி இருக்கிறது: மாமன் மச்சானுக்குள் எதுவும் பேசலாம், பங்காளியிடம் அதே சொல் வெட்டுக்குத்தில் முடியும்.

இங்கே முறையும் கிடையாது, இழுப்பும் கிடையாது. முகத்தில் சிரிப்பில்லாமல், தட்டையான குரலில், பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொல்வார்கள். நம் காதுக்கு அது அப்படியே வசவாகக் கேட்கும். அதனால் குரலை விட்டுவிட்டு, சொன்ன பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார். கேலி செய்கிறவன் உன் பதிலுக்கு ஒரு நொடி இடம் விடுவான். வைகிறவன் இடம் விடாமல் பேசிக்கொண்டே போவான், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வான். பதில் சொன்னால் அவன் சொன்ன அளவுக்கே சொல், ஒரு படிகூட ஏற்றாதே.

"பாஸ்டர்ட்" என்ற சொல்லே போதும், விளங்கிவிடும். 1932-33 பாடிலைன் கிரிக்கெட் தொடரில் இங்கிலாந்துத் தலைவர் ஜார்டின், தன்னை ஒருவன் அப்படித் திட்டினான் என்று ஆஸ்திரேலிய அணியின் அறைக்கே போய் முறையிட்டாராம். துணைத் தலைவர் விக் ரிச்சர்ட்சன் தன் ஆட்களைப் பார்த்து, "இந்த பாஸ்டர்டை பாஸ்டர்டுன்னு சொன்ன பாஸ்டர்ட் எவன்டா?" என்றாராம். இன்றும் சொல்லப்படும் கதை இது. ஒரே வாக்கியத்தில் அந்தச் சொல் மூன்று எடையில் விழுகிறது: முதலாவது பகைவன், இரண்டாவது வசவு, மூன்றாவது சொந்தப் பையன்.

பயப்பட வேண்டியது "மேட்" என்ற அன்பான சொல்லுக்குத்தான். வாக்கியத்தின் கடைசியில் மெல்ல வந்தால் நட்பு. முதலிலேயே அழுத்தமாக வந்து, பிறகு ஒரு நிறுத்தம் விழுந்தால் சண்டை ஆரம்பம். உன்னை நாளெல்லாம் வாரிக்கொண்டிருந்தவன் திடீரென்று உன் முழுப்பெயரைச் சொல்லி மரியாதையாகப் பேசினாலும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

நிறம், நாடு, மதம் வைத்துப் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதே. எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது கேலியில்லை. 1975-ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டம் இருக்கிறது. தேதியையும் சொன்ன வார்த்தையையும் எழுதி வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் சொல். நீயும் யாரையும் அப்படிப் பேசிவிடாதே.

மற்றபடி ஏதாவது பேச்சு பிடிபடாவிட்டால் அப்போதே பதில் சொல்லாதே. ஸ்மோக்கோ என்று காலையில் தேநீர் இடைவேளை விடுவார்கள். அதே ஆளின் பக்கத்தில் போய் உட்கார். கேலி செய்தவன் என்றால் பிஸ்கட் டப்பாவை உன் பக்கம் தள்ளுவான்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்