நான்கு மருந்து, ஒரே மூட்டை

ஆசிரியருக்கு,

மருந்துக்கு மசியாத கிருமிகள் பற்றிய உங்கள் கட்டுரை, கிருமி ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பழகுவதாகச் சொல்கிறது. பெரும்பாலும் அப்படியல்ல. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் நான்குக்கும் ஒரேயடியாக அடங்க மறுத்தது. அந்த ஷிகெல்லாவில் கிடைத்த ஆர்100 ஒரு பிளாஸ்மிட், அதாவது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடிய டிஎன்ஏ வளையம். அதைப் பிரித்தால் பெட்டிக்குள் பெட்டி.

பிளாஸ்மிட்டுக்குள் டிஎன்21 என்ற டிரான்ஸ்போசான், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு. அதற்குள் ஓர் இன்டெக்ரான். இன்டெக்ரானின் வேலை சேகரிப்பது. அதிலுள்ள இன்டெக்ரேஸ் நொதி, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு போன்ற, திரியும் மரபணுத் துண்டுகளைப் பிடித்து வாசலிலேயே ஒட்டுகிறது. அத்துண்டுகளுக்குப் பொதுவாகச் சொந்த இயக்கி, அதாவது மரபணுவை வேலைசெய்ய வைக்கும் டிஎன்ஏ பகுதி, கிடையாது. இன்டெக்ரானின் இயக்கிதான் எல்லாவற்றையும் ஓட்டும். அதனால் முன்னால் இருப்பது வலுவாகவும், வரிசையில் பின்தங்கியது மங்கலாகவும் வேலை செய்யும்.

இந்த இன்டெக்ரானுக்குத் தானாக நகரத் தெரியாது. டிரான்ஸ்போசான் அதைச் சுமந்து பிளாஸ்மிட்டுக்குத் தாவுகிறது. பிளாஸ்மிட் ஷிகெல்லாவிலிருந்து ஈ.கோலைக்குப் போகிறது.

டிஎன்21-இல் பாதரச எதிர்ப்பு மரபணுக்களும் உண்டு (இதைத்தான் பலர் கவனிப்பதில்லை). பாதரசம் கலந்த நீரில் பிழைக்கும் கிருமி, ஸ்ட்ரெப்டோமைசினைப் பார்த்தே இராவிட்டாலும் அதற்கான எதிர்ப்பையும் சேர்த்தே சுமக்கும். ஒரு மருந்தை மட்டும் நிறுத்தினால் எதிர்ப்பு தானே மறைந்துவிடும் என்று நீங்கள் எழுதியது இங்கேதான் இடிக்கிறது.

— நுண்ணுயிரியல் ஆசிரியை ஒருவர்