கதவைத் திறக்க E-தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் நடக்கும் தமிழ் கணினி விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் அச்சு அசலாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மழைச்சாரல் தெறிப்பதைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற எனக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் இரண்டாம் கட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே போகும் கதவை என்னால் திறக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் அந்த விளையாட்டை உருவாக்கிய ஸ்டுடியோவுக்கு. முதலில் அவர்களுக்கே மின்னஞ்சல் எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது: "கீ மாற்றும் வசதி கேமில் ஏற்கெனவே இருக்கிறது, செட்டிங்ஸில் பாருங்கள்." இருக்கிறது, பார்த்தேன். அது எதுவரைக்கும் இருக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை விரிவாகச் சொன்னால்தான் நான் கேட்பது புரியும். இதே வசதியை அரைகுறையாக வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே இடது கையில் விரல்கள் தனித்தனியாக அசையாது. முஷ்டியின் பக்கவாட்டை வைத்து ஒரு பெரிய கீயை அழுத்திப் பிடிக்க முடியும், அவ்வளவுதான். வலது கை நன்றாக வேலை செய்யும். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில் என்பதால் நாள் முழுக்கக் கீபோர்டோடுதான் இருக்கிறேன். கேமில் நடக்க W, A, S, D. ஓட Shift. கதவு, பெட்டி, விளக்கு எதுவானாலும் E. பை Tab. தாண்டிக் குதிக்க Space. இது இடது கைக்காக அமைந்த வரிசை. விரல்கள் W, A, S, D மேல் இருந்தால் சுண்டுவிரல் Shift-க்கும் Tab-க்கும் போகும், கட்டைவிரல் Space-இல் இருக்கும்.

கீபோர்டை வலப்பக்கம் நகர்த்தி வைத்து வலது கையால் அதே கீகளை அழுத்தலாமே என்று கேட்பார்கள். செய்து பார்த்தாயிற்று. வலது கையை அங்கே வைத்தால் Shift, Tab, Space மூன்றும் கட்டைவிரலின் பங்குக்கு வந்துவிடும். ஓடிக்கொண்டே குதிக்க வேண்டுமென்றால் ஒரே கட்டைவிரல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டும் உள்பக்கமாகத் திரும்பியே இருக்கும்; கொஞ்ச நேரத்தில் தோள்வரை வலிக்கும்.

வலது கைக்குச் சரியான இடம் நம்பர் பேட். 8, 4, 5, 6 நடப்பதற்கு. கட்டைவிரலுக்குக் கீழே நீளமான 0 இருக்கிறது, அது குதிக்க. சுண்டுவிரல் பக்கம் + கீயும் Enter கீயும் பெரிதாக இருக்கின்றன, அவை ஓடவும் கதவு திறக்கவும். W, A, S, D வரிசையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரியே அமையும். புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

இனி செட்டிங்ஸுக்கு வருகிறேன். அங்கே மாற்ற முடிவது நடக்கும் கீ நான்கும் குதிக்கும் கீயும் மட்டும். அவற்றை நம்பர் பேடுக்கு மாற்றினேன், ஏற்றுக்கொண்டது. E, Shift, Tab, Esc ஆகியவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. கேமராவைத் திருப்பும் அம்புக்குறி கீகளும் இல்லை.

சரி, ஓடுவதற்கு மட்டும் இடது முஷ்டியை Shift மேல் வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். Shift-ஐப் பிடித்துக்கொண்டு 8-ஐ அழுத்தினால் ஓட வேண்டிய பெண் நின்றுவிடுகிறாள், கேமரா மேலே உத்தரத்தைப் பார்க்கிறது. இது கேமின் கிறுக்குத்தனம் இல்லை, விண்டோஸின் பழைய வழக்கம். Num Lock எரியும்போது Shift-உடன் நம்பர் பேடின் 8-ஐ அழுத்தினால் விண்டோஸ் அதை 8 என்று சொல்லாது, மேல் அம்புக்குறி என்று சொல்லும். அதற்கு முன்னால் "Shift விடப்பட்டது" என்று ஒரு பொய்த் தகவலையும் சேர்த்து அனுப்பும். ஆக, கேமுக்கு ஓட்டமும் தெரியாது, நடையும் தெரியாது. Num Lock-ஐ அணைத்தால் அந்தப் பொய்த் தகவல் வராது. ஆனால் 8 எப்போதுமே மேல் அம்புக்குறியாகத்தான் தெரியும், அது ஏற்கெனவே கேமராவுக்கு என்று கேம் மறுத்துவிடும். கீயில் அச்சிட்டிருக்கும் பொருளைப் பார்க்காமல் கீபோர்டில் அதன் இடத்தைக் குறிக்கும் ஸ்கேன் கோடைப் படித்திருந்தால் நம்பர் பேடின் 8-ஐயும் மேல் அம்புக்குறியையும் பிரித்து அறியலாம். அப்போதும் Num Lock எரிந்தால் Shift விடப்பட்டதாகச் சொல்லும் அந்தப் பொய் வரத்தான் செய்யும். அதனால்தான் ஓட்டத்தை Shift-இலிருந்து வேறு கீக்கு மாற்றும் உரிமை வேண்டும் என்கிறேன். கூடவே, ஒருமுறை தட்டினால் ஓட்டம், மறுமுறை தட்டினால் நடை என்ற தேர்வும் இருந்தால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கதவு இன்னும் மோசம். இரண்டாம் கட்டுக்கு அப்பால் போகும் தேக்குக் கதவை E-ஐ வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டித் தள்ள வேண்டும், கூடவே முன்னால் நடக்கும் கீயையும் விடக்கூடாது. என் கை நம்பர் பேடிலிருந்து E-க்குப் போனால் நடை நின்று கதவு திரும்ப மூடிக்கொள்ளும். அண்ணன் மகன் வந்திருந்தால், "சித்தப்பா, நீங்க நடங்க, E-ய நான் தட்டுறேன்" என்பான். நல்ல பையன், ஆனால் அவன் படிப்பது திருச்சியில்.

வெளியே ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு வரி எழுதினால் நம்பர் பேட் Enter, E ஆகிவிடும்:

```
NumpadEnter::e
```

கேம் ஓடும்போது மட்டும் இது வேலை செய்யும்படியும் கட்டுப்படுத்தலாம், இல்லாவிட்டால் என் பில்களில் எல்லாம் e விழும். இந்தக் கேமுக்கு இது ஓரளவு உதவும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தன் கீ மாறியது கேமுக்குத் தெரியாது. பையைத் திறந்தால் இதே E அடுத்த பக்கத்துக்குப் போகும் கீ ஆகிறது, நம்பர் பேட் Enter அங்கே "சரி" என்று சொல்ல வேண்டியது. ஒரே கீ நடக்கும்போது ஒரு வேலையும் பையில் வேறு வேலையும் செய்ய வேண்டும் என்பது கேமுக்கு மட்டும்தான் தெரியும், வெளியே இருக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் சில கேம்களில் இப்படிப்பட்ட மென்பொருளை ஏமாற்று வேலை என்று எண்ணி ஆளையே வெளியேற்றுவதும் உண்டு.

தொடக்கத்தில், கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் சின்னம் வருவதால் இந்தக் கேம் அதில் செய்தது என்று தெரிகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு வழியில்லை, அறிகுறியை வைத்துச் சொல்கிறேன். கதவுப் பக்கம் இப்படி ஒரு வரி இருக்கலாம்:

```csharp
if (Input.GetKeyDown(KeyCode.E)) PushDoor();
```

கதவைத் தள்ளும் செயலும் E என்ற கீயும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "பயன்படுத்து" என்று ஒரு செயலுக்குப் பெயர் வைத்து, கதவு அதை மட்டும் கேட்டால் போதும்:

```csharp
if (useAction.WasPressedThisFrame()) PushDoor();
```

அந்தச் செயலுக்கு எந்தக் கீ என்பது தனியாக ஓர் இடத்தில் இருக்கும். யூனிட்டியின் புதிய Input System-இல் ஆடுபவர் அழுத்தும் அடுத்த கீயைப் பிடித்துக்கொள்ள `PerformInteractiveRebinding` இருக்கிறது, மாற்றியதைச் சேமிக்க `SaveBindingOverridesAsJson` இருக்கிறது. கடினமான பகுதி இதுவல்ல. கேம் முழுக்க E சிதறிக் கிடக்கும் இடங்களைத் தேடி எடுப்பதுதான் வேலை. நானும் மென்பொருள் எழுதுகிறவன், முடிந்துபோன ஒன்றுக்குள் கைவைப்பது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும்.

திரையில் வரும் குறிப்பையும் மறக்க வேண்டாம். கதவருகே போனால் "E" என்று ஒரு படம் மின்னுகிறது. அதைப் படமாக வரைந்து வைத்திருந்தால், கீயை மாற்றிய பிறகும் அது E என்றே காட்டும். பொறுப்பாக மாற்றி வைத்த ஆளையே குழப்பும். `GetBindingDisplayString` கொடுக்கும் பெயரை அங்கே எழுத்தாகக் காட்டினால் தீர்ந்தது.

அப்புறம் சின்ன விஷயம் ஒன்று. மாற்றும் திரையில் ஒரு கீ வேறு செயலுக்கு ஏற்கெனவே இருந்தால் "பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லி மறுக்கிறது. இரண்டு கீகளை இடம் மாற்ற, நடுவில் ஒன்றை எங்காவது உபயோகமில்லாத கீக்கு அனுப்பி வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு இடம் மாற்றிக்கொள்ளச் செய்யலாம். நம்பர் பேட் Enter-ஐயும் பெரிய Enter-ஐயும் ஒன்றென்று எண்ணி மறுப்பதையும் நிறுத்தலாம். விண்டோஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்தாலும், எது எது என்று பிரிக்கும் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்புகிறது.

கீயை மாற்றினால் எல்லாருக்கும் வழி பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேகமாகத் தட்ட முடியாதவருக்கு எந்தக் கீயைக் கொடுத்தும் அந்தக் கதவு திறக்காது. அவருக்குத் தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்று ஒரு தேர்வு வேண்டும். ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்த முடிகிறவருக்கு இந்த வகைக் கேமே பொருந்தாமல் போகலாம். அதை நான் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எல்லாச் செயல்களையும் நம்பர் பேடுக்கு மாற்றிவிட்டு, ஒருவர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடட்டும். மெனு, பை, சேமிப்பது, வெளியேறுவது எல்லாம் அதில் அடக்கம். வேறு கீயைத் தொட நேர்ந்த இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல் கிடைத்துவிடும். முழுவதையும் ஒரே அப்டேட்டில் செய்ய முடியாது என்றால் முதலில் E-யையும் Shift-ஐயும் அந்தப் பட்டியலில் சேர்த்துத் தாருங்கள், Tab பிறகு வரட்டும். வெளியிடும் முன் யாராவது ஆடிப் பார்க்க வேண்டுமென்றால் என் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி